பதில் வரலாம், வராமலும் இருக்கலாம்: மனக்கசப்புக்குப் பின் அனுப்பும் செய்தியை முடிக்கும் முறை

சண்டைக்குப் பிறகு ஒருவருக்குச் செய்தி எழுத உட்காரும்போது நடந்ததைச் சொல்வதற்கும் வருத்தம் தெரிவிப்பதற்கும் நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறோம். எழுதி அழித்து, மறுபடி எழுதி, கடைசி வரிக்கு வரும்போது களைத்துப்போகிறோம். கைக்கு வந்த நாலு சொல்லைப் போட்டு அனுப்பிவிடுகிறோம்: “பதில் போடு.” “என்ன சொல்ற?” “இதுக்காவது பதில் சொல்லு.” படிப்பவரோ அந்த வரியில்தான் வந்து நிற்கிறார். மேலே எழுதியது நம் மனதைப் பற்றியது. அவர் இப்போது என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைச் சொல்வது கடைசி வரி. அது அதட்டலாகக் கேட்டால், மேலே எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் முழுச் செய்தியும் அதட்டலாகிவிடும்.

இந்த வழிகாட்டி அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மன்னிப்புக் கேட்பது எப்படி என்பது வேறு பாடம். பதில் எழுத அவருக்கு இடம் இருக்க வேண்டும், எழுதாமல் இருக்கவும் இடம் இருக்க வேண்டும். இரண்டும் உண்மையாகவே இருக்கும்படி முடிப்பது எப்படி என்பதே இங்கே விஷயம்.

பேசுவதற்கு வசதியாக ஓர் அக்காவையும் தம்பியையும் வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. கூட இருந்து பார்த்துக்கொண்டது தம்பி. வெளியூரில் இருக்கும் அக்கா தினமும் போன் செய்து மருந்து, டாக்டர், உணவு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் உறவினர்கள் சூழ இருந்தபோது தம்பி, “உனக்கு எல்லாமே போன்லயே முடிஞ்சிடும், இங்க நிக்கிறவனுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டான். அக்கா அன்றே குடும்பக் குழுவை விட்டு வெளியேறினாள். அதன்பின் அவனோடு பேசவில்லை. இப்போது அவன் எழுத நினைக்கிறான்.

முதலில் ஒரு கேள்வி: பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

கடைசி வரியின் சொற்களைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். பத்து நாள் கழித்தும் ஒரு வரிகூட வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்களால் சும்மா இருக்க முடியுமா? “முடியாது, மறுபடி கேட்பேன், அம்மாவிடம் சொல்லிக் கேட்கச் சொல்வேன்” என்பது பதிலானால், நீங்கள் எழுதப்போவது அழைப்பு அல்ல, கோரிக்கை. கோரிக்கை வைப்பது தவறில்லை. கோரிக்கையை அழைப்பின் சொற்களில் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. “உனக்கு விருப்பம் இருந்தா எழுது” என்று அனுப்பிவிட்டு மூன்றாம் நாள் “பார்த்துட்டும் பதில் இல்லையே” என்று கேட்டால், முதல் வரி பொய் என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை நீங்கள் மெய்யாகவே விட்டுக்கொடுத்து எழுதினாலும் நம்ப மாட்டார்கள்.

தம்பியின் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகும். அப்பாவின் அடுத்த பரிசோதனைக்கு யார் அழைத்துப் போவது என்று இருவரும் முடிவு செய்தாக வேண்டும். அதற்குத் தேதி இருக்கிறது, பதில் வந்தே ஆக வேண்டும். அதையும் மனவருத்தத்தையும் ஒரே செய்தியில் வைத்தால் கடைசி வரியை எப்படி எழுதினாலும் தப்பாகும். “தோணும்போது சொல்லு” என்றால் பரிசோதனை தள்ளிப்போகும். “வியாழக்கிழமைக்குள்ள சொல்லு” என்றால் மன்னிப்புக்கே கெடு வைத்ததுபோல் இருக்கும். ஆகவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். தேதி உள்ளதை முதலில், தனியாக, சுருக்கமாகக் கேட்டு முடித்துவிடலாம்: “அக்கா, அப்பாவுக்கு 14ஆம் தேதி பரிசோதனை. நான் கூட்டிட்டுப் போறேன். நீ வர்றதா இருந்தா 12ஆம் தேதிக்குள்ள சொல்லு, ரெண்டு பேருக்கும் பாஸ் வாங்கிடுறேன்.” இதில் பதில் கேட்பது நியாயம், கேட்கும் காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. மனவருத்தம் பற்றிய செய்தி இன்னொரு நாள் போகட்டும். என்னிடம் காட்டி “இதை அனுப்பலாமா” என்று கேட்கப்பட்ட செய்திகளில் கடைசி வரி சரியாக வராததற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம் இந்தக் கலப்புதான்.

கேள்விக்குறி செய்யும் வேலை

1973இல் ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் மக்கள் உரையாடலை எப்படி முடிக்கிறார்கள் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பேச்சில் சில கூற்றுகள் இணையாகவே வரும் என்பது அதில் அவர்கள் விளக்கிய ஒன்று. வணக்கத்துக்கு வணக்கம், கேள்விக்குப் பதில் என்று முதல் பாதி வந்துவிட்டால் இரண்டாம் பாதிக்கான இடம் தானாகவே உருவாகிவிடுகிறது. அந்த இடம் காலியாக இருந்தால் அது வெறும் மௌனமாக இருக்காது, “பதில் சொல்லவில்லை” என்ற செயலாகக் கண்ணில் படும்.

நம் காரியத்துக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி எனக்குத் தெரியவில்லை. “நான் சொன்னது உனக்குப் புரியுதா?” என்று முடித்தால் அக்கா பேசாமல் இருப்பது ஒரு பதிலாகிவிடும், அதுவும் மோசமான பதிலாக. அவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டிருக்கலாம், அழுதுகொண்டிருக்கலாம், அலுவலகத்தில் இருக்கலாம். ஆனால் கேள்வி அங்கே நிற்கும்வரை அவள் ஒவ்வொரு மணி நேரமும் பதில் சொல்லாமல் இருப்பவளாக ஆக்கப்படுகிறாள். தம்பியும் அப்படித்தான் எண்ணத் தொடங்குவான். நீல டிக் தெரிந்தால் இன்னும் மோசம்.

அதனால் மனக்கசப்பான செய்தியைக் கேள்விக்குறியில் முடிக்காதீர்கள். கேட்க விரும்புவதை வாக்கியமாக மாற்றுங்கள். “எது உன்னை ரொம்பப் புண்படுத்துச்சு?” என்பதை “எது உன்னை ரொம்பப் புண்படுத்துச்சுன்னு நீ எப்பவாவது சொன்னா கேட்டுக்கறேன்” என்று எழுதலாம். கேட்பது ஒன்றுதான். ஆனால் இரண்டாவதற்கு மௌனமாக இருந்தாலும் அவள் எதையும் மீறியவளாக ஆக மாட்டாள்.

இங்கே வினைமுற்றையும் கவனிக்க வேண்டும். “சொல்லு”, “எழுது”, “போடு” எல்லாம் ஏவல். வயதில் மூத்தவருக்கு “சொல்லுங்க” என்று மரியாதை சேர்த்தாலும் ஏவல் ஏவல்தான். அலுவலகத் தமிழில் வரும் “தெரிவிக்கவும்”, “விளக்கம் அளிக்கவும்” என்பவை பார்க்கப் பணிவாக இருந்தாலும் உத்தரவுகள். “சொன்னா”, “தோணினா”, “முடிஞ்சா” என்ற நிபந்தனை வடிவங்கள் முடிவை அவர் கையில் விடுகின்றன. அந்த நிபந்தனைக்குப் பின்னால் வரும் வினை உங்களுடையதாக இருக்கட்டும்: கேட்டுக்கறேன், படிக்கிறேன், வரேன். “தோணினா எழுது” என்பதைவிட “தோணி எழுதினா பொறுமையா படிக்கிறேன்” மென்மையாக இருப்பதற்கு இதுதான் காரணம். வாக்கியத்தின் பாரம் எழுதுபவர் மேல் வந்து இறங்குகிறது.

இன்னொரு சின்ன ஒட்டு பெரிய சேதம் செய்யும்: “ஆவது”. “இதுக்காவது பதில் சொல்லு”, “இப்பவாவது பேசு.” இதைப் படிப்பவருக்கு முன்பு எத்தனை முறை பதில் சொல்லவில்லை என்ற கணக்கு காதில் விழும். “எப்பவாவது” மட்டும் விதிவிலக்கு, அதில் குற்றச்சாட்டு இல்லை. செய்தியை அனுப்பும் முன் கடைசி இரண்டு வரிகளில் “ஆவது”, “கூட”, “மட்டும்” இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். “ஒரு வார்த்தை கூட” என்பதும் அதே ரகம்.

மூன்று வாக்கியங்கள்

முடிவுப் பகுதியை மூன்று வாக்கியங்களாக எழுதுவது நல்லது. ஒரே வரியில் எல்லாவற்றையும் அடைக்கப் போனால் ஏதோ ஒன்று விடுபட்டு மற்றது முரடாகிவிடும்.

முதல் வாக்கியம் அவர் பிடித்துக்கொள்ள ஒரு சின்னப் பிடி தர வேண்டும். எதைப் பற்றிப் பேசலாம் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். “நீ என்ன நினைக்கிறேன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்” என்பது பணிவான வரியாகத் தோன்றும். ஆனால் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். என்ன நினைக்கிறாள் என்பதை எழுத அவள் இருபது வருடக் கதையை எழுத வேண்டும். அவ்வளவு பெரிய வேலையைத் தள்ளிப்போடுவது இயல்பு, தள்ளிப்போட்டதே பிறகு வெட்கமாகி, பதிலே வராமல் போகும். “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னதைப் பத்தி” என்று எல்லை வகுத்தால் இரண்டு வரியில் பதில் எழுதலாம். எளிதான சோதனை ஒன்று: நடந்துகொண்டே கட்டைவிரலால் தட்டி முடிக்கிற அளவு பதில் இந்த வரிக்குப் போதுமா? போதாது என்றால் எல்லையை இன்னும் சுருக்குங்கள்.

இரண்டாம் வாக்கியம் பதில் எழுதாமல் இருக்கலாம் என்பதைச் சொல்வது. 2000இல் கெகென், பாஸ்குவல் என்ற இரு ஆய்வாளர்கள் பிரான்சில் ஒரு சோதனை செய்தார்கள். வழியில் போகிறவர்களிடம் பேருந்துக் கட்டணத்துக்குச் சில்லறை கேட்பது. வெறுமனே கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். “கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்” என்ற பொருளில் ஒரு வாக்கியம் சேர்த்துக் கேட்டபோது 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். சுதந்திரத்தைச் சொல்லிக் காட்டுவதே மனிதரை இளக்குகிறது.

ஆனால் இந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அங்கே கேட்டவர் முன்பின் தெரியாதவர், கேட்டது சில்லறை, முடிவு அந்த நிமிடமே எடுக்கப்பட்டது. மனக்கசப்பில் இருப்பவருக்கோ உங்களோடு நீண்ட கணக்கு இருக்கிறது. அவரிடம் “பதில் சொல்லணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல” என்று மட்டும் எழுதினால், “உன் பதில் எனக்குத் தேவையில்லை” என்று கேட்க வாய்ப்பு அதிகம். “இஷ்டம்னா பேசு, இல்லன்னா விடு” என்பது இன்னும் கீழே. அதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சத்தம் இருக்கிறது. சுதந்திரத்தைச் சொல்லும் வாக்கியம் தனியாக நிற்கக் கூடாது, முன்னும் பின்னும் அக்கறை தெரியும் வாக்கியங்கள் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் நீங்கள் கேட்க ஆசைப்படுவது தெரிந்திருந்தால், இரண்டாவது வாக்கியம் பொறுமையாக ஒலிக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் “பதில் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பிறகு “சொன்னா கேட்டுக்கறேன்” என்றால் மனம் மாறிக் கெஞ்சுவதுபோல் இருக்கும்.

மூன்றாம் வாக்கியத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், பெரும்பாலானோர் எழுதாமல் விடுவதும் இதைத்தான். பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும். மௌனத்தின் பொருளை இருவரும் தனித்தனியாக ஊகிக்கும்போதுதான் புதுச் சண்டை முளைக்கிறது. “இவன் கோபித்துக்கொண்டிருப்பானோ” என்று அவள் நினைப்பாள், “இவள் என்னை ஒதுக்கிவிட்டாள்” என்று அவன் நினைப்பான். உங்கள் பக்கத்தில் எது மாறாமல் தொடரும் என்பதைச் சொன்னால் அந்த ஊகத்துக்கு வேலை இருக்காது. அது சின்னதாக, ஏற்கெனவே நடப்பதாக, உங்களால் தவறாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். “எப்பவும் உன் தம்பியாவே இருப்பேன்” என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை எந்த நாளில் எப்படிச் செய்து காட்டுவது? “ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பத்தின தகவல் வழக்கம்போல அனுப்புறேன்” என்பதைச் செய்து காட்டலாம்.

தம்பியின் செய்தி

அவன் முதலில் எழுதியது இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

“அக்கா, அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்பு. எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல, அதான் வாய் தவறிடுச்சு. ஆனா நீயும் தினமும் என்னைக் கேள்வி கேட்டுட்டே இருந்தா நான் என்ன பண்றது? நீ குரூப்ல இருந்து போனது அப்பாவுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. கோபத்தை விட்டுட்டு இதுக்காவது பதில் சொல்லு. நான் காத்துட்டு இருப்பேன்.”

கடைசி வரியை மட்டும் மாற்றினால் போதுமா என்றால் போதாது. நடுவில் ஒரு கேள்வி நிற்கிறது: “நான் என்ன பண்றது?” கடைசியில் எவ்வளவு மென்மையாக முடித்தாலும் அக்கா பதில் எழுதப்போவது இந்தக் கேள்விக்குத்தான். அப்பாவின் கஷ்டத்தை உள்ளே கொண்டுவந்ததும் ஒரு நெருக்கடி. பதில் சொல்லாவிட்டால் நோயாளியான அப்பாவை வருத்துகிறாள் என்றாகிவிடும். கடைசி வரி தரும் சுதந்திரத்தை நடுவரி பறித்துக்கொண்டால் பயனில்லை. ஆகவே முடிவை எழுதும் முன் மேலே போய், பதிலைப் பிடுங்கும் வரிகளை எடுத்துவிட வேண்டும்.

“நான் காத்துட்டு இருப்பேன்” என்பதும் கவனிக்க வேண்டிய வரி. அன்பாகத்தான் எழுதுகிறோம். ஆனால் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் அவரை நிற்க வைத்திருக்கும் குற்ற உணர்வு மற்றவருக்கு வந்துவிடும். “உன் பதிலுக்காக ஏங்கிட்டிருக்கேன்” என்பதற்கும் இதே விளைவுதான். மனதில் ஏக்கம் இருக்கட்டும், கடைசி வரியில் அது வேண்டாம்.

திருத்தியபின்:

“அக்கா, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ‘உனக்கு எல்லாமே போன்லயே முடிஞ்சிடும்’னு சொன்னது தப்பு. நீ தினமும் கேட்டது அப்பா மேல இருக்கிற கவலையிலதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அப்படிச் சொன்னேன். மன்னிச்சிடுக்கா. அந்த நேரத்துல உனக்கு எப்படி இருந்துச்சுன்னு எப்பவாவது சொல்லத் தோணினா, குறுக்க பேசாம கேட்டுக்கறேன். இப்போதைக்கு இதைப் பத்திப் பேச வேண்டாம்னு நினைச்சாலும் சரிதான், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை அப்பாவோட தகவல் எப்பவும்போல உனக்கு அனுப்புறேன்.”

முடிவில் மூன்று வாக்கியங்களும் இருக்கின்றன. “அந்த நேரத்துல உனக்கு எப்படி இருந்துச்சு” என்ற பிடிக்கு “அவமானமா இருந்துச்சுடா” என்ற இரண்டு சொல் பதில் போதும். “இப்போதைக்கு” என்ற சொல் இரண்டாம் வாக்கியத்தைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால் பேச்சை அவனே முடித்துவைப்பதுபோல் ஆகியிருக்கும். “குறுக்க பேசாம” என்பது அலங்காரத்துக்கு வந்த சொல் அல்ல. அது அவன் கொடுக்கும் வாக்கு, அக்கா பதில் எழுதினால் அவன் அதைக் காப்பாற்றியாக வேண்டும். காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் அந்தச் சொல்லை இப்போதே எடுத்துவிடுவது நல்லது. “மன்னிச்சிடுக்கா” என்பதும் ஏவல்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது செய்தியின் நடுவில் வருகிறது, பின்னால் வரும் மூன்று வாக்கியங்கள் அதற்கு உடனடிப் பதில் வேண்டியதில்லை என்று ஆக்கிவிடுகின்றன. அதே சொல்லைக் கடைசியில் வைத்திருந்தால் “மன்னிச்சிட்டியா இல்லையா” என்ற கேள்வி தொக்கி நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கியத்துக்குப் பின் ஒன்றும் இல்லை என்பதையும் பாருங்கள். இதய ஸ்மைலி இல்லை, “ஓகேவா?” இல்லை, கைகூப்பும் சின்னம் இல்லை. தகவலோடு முடிந்த செய்தியில் படிப்பவர் தலையசைத்துவிட்டு போனை வைத்துவிட முடியும்.

கோபக்காரரின் குரலில் படித்துப் பாருங்கள்

எழுதி முடித்ததும் உங்கள் காதில் கேட்கும் குரல் உங்களுடையது, இளகிய குரல். அக்காவின் காதில் கேட்கப்போவது அன்று எல்லார் முன்னாலும் பேசிய குரல். 2005இல் க்ரூகர், எப்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியை அளந்தது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். தங்கள் தொனி 78 சதவீதம் சரியாகப் போய்ச்சேரும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 56 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு குறைவு என்று புரியும்.

எனவே கடைசி மூன்று வாக்கியங்களை வாய்விட்டு, கடுப்பான குரலில் படியுங்கள். “சரிதான்” என்பதை உதட்டைச் சுழித்துச் சொல்லிப் பாருங்கள். “நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்பதைத் தியாகி தொனியில் சொல்லிப் பாருங்கள். அப்படிப் படித்தும் பொருள் முரடாகவில்லை என்றால் அனுப்பலாம். “பரவாயில்ல”, “உன் இஷ்டம்”, “நீயே முடிவு பண்ணிக்கோ” போன்றவை இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறாது. நல்ல உறவில் அன்பாக ஒலிப்பவை, கசப்பில் குத்தலாக ஒலிக்கும். இரண்டு குரலிலும் ஒரே பொருள் தரும் சொற்களைத் தேடுங்கள். தேதி, கிழமை, செய்யப்போகும் செயல் இவையெல்லாம் எந்தக் குரலிலும் அதிகம் மாறுவதில்லை.

ஒரே செய்தியாக அனுப்புவதும் முக்கியம். வாட்ஸ்அப்பில் வரிவரியாக அனுப்பும் பழக்கம் இருந்தால் இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். உரையாடல் பட்டியலில் கடைசியாக வந்த துண்டுதான் தெரியும். அக்கா போனைத் திறந்ததும் “இப்போதைக்கு இதைப் பத்திப் பேச வேண்டாம்னு நினைச்சாலும் சரிதான்” என்ற வரி மட்டும் மொட்டையாகக் கண்ணில் பட்டால் மேலே உள்ளதைப் படிக்கும் முன்னரே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தியது என்ற குறிப்பு அதில் தெரியும், அழித்தாலும் அழித்த தடம் இருக்கும். கசப்பில் இருப்பவர் அழித்ததில் என்ன இருந்தது என்றுதான் யோசிப்பார். வேறு இடத்தில் எழுதி, படித்துப் பார்த்து, பிறகு ஒட்டி அனுப்புங்கள்.

எதிரில் இருப்பவர் மாறும்போது

நண்பருக்கு எழுதும்போது தொடரும் செயலாக எதைச் சொல்வது என்று சிலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் அப்பா போல் இருவரையும் இணைக்கும் பொறுப்பு அங்கே இல்லை. பெரிதாக ஒன்றும் வேண்டாம். “உன் புத்தகம் என்கிட்ட பத்திரமா இருக்கு, நீ எப்ப கேட்டாலும் தரேன்” என்பதும் மாறாத ஒரு விஷயம்தான்.

அலுவலகத்தில் நிலைமை வேறு. கூட்டத்தில் உங்கள் அறிக்கையைக் கடுமையாக விமர்சித்த சக ஊழியருக்கு எழுதுகிறீர்கள். அங்கே வேலை நகர வேண்டும், ஆகவே பதில் வராவிட்டால் நடக்கப்போவதைத் தெளிவாகச் சொல்லலாம்: “நீங்கள் சொன்ன இரண்டு குறைகளையும் சரிசெய்துவிட்டேன். மூன்றாவதை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நீங்கள் சுட்டிக்காட்டுவது உதவியாக இருக்கும். நேரம் அமையாவிட்டால் வெள்ளிக்கிழமை இந்த வடிவத்தையே அனுப்புகிறேன், பிறகு திருத்தவும் வழி இருக்கிறது.” இதில் ஓர் எச்சரிக்கை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது உங்கள் வேலையைப் பொறுத்தவரை மட்டுமே செல்லும். “பதில் இல்லாவிட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதுகிறேன்” என்று எழுதினால் அவர் பேசாமல் இருக்கும் உரிமை போய்விடுகிறது. வீட்டில் இதை ஒருபோதும் எழுதாதீர்கள். “நீ பதில் சொல்லலைன்னா இத்தோட முடிஞ்சதுன்னு எடுத்துக்கறேன்” என்பது மிரட்டல்.

உங்களைவிட அதிகாரம் குறைந்தவருக்கு எழுதும்போது இரண்டாம் வாக்கியத்தைக் கூடுதலாகத் தெளிவாக்க வேண்டும். மேலாளர் “விரும்பினால் சொல்லுங்கள்” என்றால் அது கட்டளையாகத்தான் கேட்கும். பிள்ளைக்கு எழுதும் பெற்றோருக்கும் இது பொருந்தும். “இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை, நாளைய கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன்” என்று எங்கே, எப்போது கேட்க மாட்டீர்கள் என்பதுவரை சொன்னால்தான் அந்தச் சுதந்திரம் நம்பும்படி இருக்கும்.

அனுப்பிய பிறகு

அந்த விஷயம் பற்றி இரண்டாவது செய்தி கிடையாது. ஒற்றைக் கேள்விக்குறி, பழைய புகைப்படம், “படிச்சியா?”, இன்னொருவர் மூலம் “அக்கா ஏதாவது சொன்னாளா?” என்று விசாரிப்பது எல்லாமே இரண்டாவது செய்திதான். ஞாயிற்றுக்கிழமை தகவலைக் கண்டிப்பாக அனுப்ப வேண்டும், அதில் அப்பாவைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும்: “அப்பா இன்னிக்குத் தானா எழுந்து நடந்தார். தையல் பிரிச்சாச்சு.” அங்கே போய் “நீ இன்னும் பேசலையே” என்று சேர்த்தால் மூன்றாம் வாக்கியம் தூண்டில் என்றாகிவிடும். இந்தத் தகவல்கள் இரண்டு மூன்று முறை மாறாமல் போனபின்தான் முதல் செய்தி உண்மை என்று அவள் நம்பத் தொடங்குவாள்.

பதில் வந்தால் அதன் தொடக்கமே உங்கள் முடிவு எப்படிப் போய்ச்சேர்ந்தது என்று காட்டிவிடும். “இப்ப என்னை என்ன பண்ணச் சொல்ற?” என்று வந்தால் அழைப்பு வற்புறுத்தலாகக் கேட்டிருக்கிறது. “ஒண்ணும் பண்ண வேண்டாம்க்கா, உனக்குத் தெரியணும்னுதான் எழுதினேன்” என்று ஒரு வரியில் இறக்கிவிட்டு நிறுத்துங்கள். “சரி விடு, எல்லாம் முடிஞ்சு போச்சு” என்று வந்தால் சுதந்திரம் சொன்ன வரி அக்கறையின்மையாகக் கேட்டிருக்கிறது. அப்போது முதல் வாக்கியத்தின் பொருளை மறுபடி சொல்லலாம்: “எனக்கு இது முடிஞ்சு போகலக்கா. நீ சொல்றப்ப கேட்கணும்னு இருக்கேன்.” வெறும் “ம்” வந்தால் அது பதில்தான், அளவான பதில். அதற்கு நீண்ட பத்தி எழுதாதீர்கள். “சரிக்கா” போதும்.

கோபமாக, நீளமாக வரலாம். தயாராக இருக்க வேண்டியது இதற்குத்தான். கேட்டுக்கறேன் என்று எழுதியது நீங்கள். அவள் சொல்வதில் இரண்டு விஷயம் தவறாக இருந்தாலும் அன்றைக்குத் திருத்தாதீர்கள். “முழுசா படிச்சேன்க்கா. குழந்தைகள் முன்னாடி சொன்னதுதான் ரொம்ப வலிச்சதுன்னு புரியுது” என்று அவள் எழுதியதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொன்னால் படித்தது தெரியும். உங்கள் பக்கத்தைச் சொல்ல இன்னொரு நாள் வரும், அவள் கேட்டால் இன்னும் நல்லது.

இந்த முறை பொருந்தாத இடங்களும் உண்டு. “என்னைத் தொடர்புகொள்ளாதே” என்று ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு மென்மையான முடிவும் அதை மீறியதாகவே ஆகும், எழுதாமல் இருப்பதே மரியாதை. அவர் உங்களை மிரட்டியவர், அடித்தவர் என்றால் “சொல்லத் தோணினா கேட்டுக்கறேன்” என்ற வரியை எழுதக் கூடாது. அங்கே வேண்டியது எல்லையைச் சொல்லும் வாக்கியம்: “இனி இந்த விஷயத்தை எழுத்தில் மட்டும் பேசுவோம்.” பணம், வீடு, சட்டம் சம்பந்தப்பட்ட தகராறானால் உங்கள் செய்தி பின்னால் யார் கையிலும் போகலாம். அதில் முடிவு வரி தேதியும் கோரிக்கையுமாகத் தெளிவாக இருக்கட்டும்.

தம்பிக்கு மூன்று ஞாயிறு கழித்தும் அக்காவிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால்? தகவல் அனுப்புவது தொடரட்டும். வாரங்கள் போனபின் விதிவிலக்காக ஒரே ஒரு முறை, கேள்விக்குறி இல்லாமல், “அன்னிக்கு எழுதினது இப்பவும் அப்படியேதான் இருக்குக்கா” என்று எழுதலாம். அதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.